பாரம் தாங்குவது அடிப்பட்டிதான்: ஓட்டத்துக்கு ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கும் முன்

உள்ளாடைக் கடையில் ஸ்போர்ட்ஸ் பிராவைக் கையில் எடுக்கும் பெண்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது நிறம், அடுத்து விலை, பிறகு தோள்பட்டி. பட்டியை இழுத்துப் பார்த்து, "நல்லா டைட்டா இருக்கு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். விற்பனைப் பெண்ணும், "மீடியம் எடுத்துக்கோங்க அக்கா, ஸ்ட்ரெட்ச் ஆகும்" என்பார். வீட்டுக்கு வந்து நான்கு நாள் அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் தோளில் சிவந்த தடம், மார்புக்குக் கீழே உரசிய புண். குலுங்கல் மட்டும் குறைந்திருக்காது. கடைசியில் சிலர் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிரா போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். சிலர் ஓடுவதையே விட்டு நடைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இது அரிதான அனுபவம் இல்லை. 2012 லண்டன் மாரத்தானில் ஓடிய பெண்களிடம் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கேட்டபோது, ஏறக்குறைய மூவரில் ஒருவர் மார்பில் வலி இருப்பதாகச் சொன்னார். நால்வரில் மூவருக்கு ஸ்போர்ட்ஸ் பிரா பொருந்துவதில் ஏதோ ஒரு குறை இருந்தது. அதிகம் சொல்லப்பட்ட குறைகள் இரண்டு: தோலை உரசுகிறது, தோள்பட்டி அழுத்துகிறது. 42 கிலோமீட்டர் ஓடப் பயிற்சி எடுத்தவர்களுக்கே இந்த நிலை.

பெரும்பாலும் தவறு தொடங்குவது நாம் பார்க்கும் வரிசையில்தான். தோள்பட்டியில் ஆரம்பிக்கிறோம். ஆனால் ஓடும்போது மார்பின் பாரத்தில் பெரும் பங்கைத் தாங்கவேண்டியது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றிவரும் அகலமான எலாஸ்டிக் பட்டி. அதை இந்தக் கட்டுரையில் அடிப்பட்டி என்று சொல்வோம். அடிப்பட்டி, பிறகு கப், அதற்குப் பிறகு தோள்பட்டி, கடைசியில் துணி. இந்த வரிசையில் பார்த்தால் பாதிக் குழப்பம் கடையிலேயே தீர்ந்துவிடும்.

ஓடும்போது நடப்பது என்ன?

மார்பகத்துக்குள் தசை இல்லை. கொழுப்பும் பால் சுரப்பிகளும்தான் அதிகம். அவற்றைத் தாங்குபவை மேல் தோலும், உள்ளே ஓடும் மெல்லிய இணைப்புத் திசு இழைகளும் மட்டுமே. 1840-இல் இவற்றை விவரித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் கூப்பர் தசைநார்கள் என்று அந்த இழைகளை அழைக்கிறார்கள். பெயரில் தசைநார் என்று இருந்தாலும், எடையைத் தூக்கி நிறுத்தும் வலு அவற்றுக்குக் கிடையாது. மார்பகத்துக்குப் பின்னால் நெஞ்சுத் தசை இருக்கிறது. அதை உடற்பயிற்சியால் வலுவாக்கலாம். ஆனால் அதனால் மார்பகத்தின் அசைவு குறைந்துவிடாது.

நிதானமாக ஓடுபவரின் கால்கள் நிமிடத்துக்குச் சுமார் 160 முறை தரையைத் தொடும். ஒவ்வொரு முறையும் உடம்பு மேலே எழும்பி இறங்குகிறது. மார்பகம் அதைச் சற்றுத் தாமதமாகத் தொடர்கிறது. உடம்பு இறங்கத் தொடங்கிய பிறகும் அது மேலே போய்க்கொண்டிருக்கும். உடம்பு மீண்டும் எழும்போது அது இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். இந்தத் தாமதம்தான் இழுவையை உண்டாக்குகிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் இப்படி 9,600 இழுவைகள்.

இன்னொரு விஷயமும் உண்டு. அசைவு மேலும் கீழும் மட்டும் இல்லை. பக்கவாட்டிலும் முன்னும் பின்னும்கூட இருக்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோஆனா ஸ்கர் குழுவினர் மார்பில் குறிப்பான்களை ஒட்டி, ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, கேமராக்களால் இதை அளந்தார்கள். மொத்த அசைவில் ஏறத்தாழ பாதிதான் மேல் கீழ் அசைவு என்று தெரியவந்தது. மீதிப் பாதி மற்ற இரண்டு திசைகளில். ஆகவே தோளிலிருந்து மேலே இழுத்துப் பிடித்தால் போதும் என்று நினைப்பது பாதிக் கணக்கு மட்டுமே.

அடிப்பட்டியும் தோள்பட்டியும்

தண்ணீர்க் குடத்தைக் கைப்பிடிக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் கயிறு விரலை அறுக்கும், குடமும் ஆடும். அதையே இடுப்பில் வைத்து அணைத்துக்கொண்டால் பாரம் உடம்போடு சேர்ந்துவிடும். தோள்பட்டிக்கும் அடிப்பட்டிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அடிப்பட்டி தளர்ந்திருந்தால் முழுப் பாரமும் தோளுக்குப் போகிறது. அதைச் சமாளிக்கத் தோள்பட்டியைச் சுருக்குகிறோம். சுருக்கியதும் பின்பக்க அடிப்பட்டி முதுகில் மேலே ஏறுகிறது. பின்பக்கம் ஏறினால் முன்பக்கம் இறங்கும். மீண்டும் சுருக்குகிறோம். தோளில் பள்ளம் விழுவது இப்படித்தான்.

ஆகவே தோளில் தடம் விழுந்தால் தோள்பட்டியைக் குறை சொல்லும் முன் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, அடிப்பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் வில்போல மேலே வளைந்திருந்தால் அடிப்பட்டி உங்களுக்குப் பெரிது.

அதற்காக மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், நன்கு பயிற்சி பெற்ற 9 பெண் ஓட்டக்காரர்கள் அடிப்பட்டியை இறுக்கியும் தளர்த்தியும் ஓடினார்கள். இறுக்கியபோது மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் வந்தது. மூச்சுவிட உடம்பு கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் இரண்டு பிரா போட்டுக்கொண்டு ஓடுபவர்கள் மனதில் வைக்கவேண்டிய செய்தி. இரண்டு தளர்ந்த பட்டிகள் சேர்ந்து ஒரு சரியான பட்டி ஆகிவிடாது. விலா எலும்பைச் சுற்றி அழுத்தமும் வியர்வையும்தான் இரட்டிப்பாகும்.

சரியான இறுக்கத்துக்கு எளிய அளவு இது: அடிப்பட்டிக்குள் இரண்டு விரல்கள் நுழையவேண்டும், ஆனால் முழுக் கையும் நுழையக்கூடாது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்தால் இறுக்கம் தெரியலாம், வலிக்கக்கூடாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கும்போது அடிப்பட்டி இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும்.

அமுக்குவதா, ஏந்துவதா?

ஸ்போர்ட்ஸ் பிராக்கள் இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. ஒன்று, மார்பு முழுவதையும் ஒரே துணியால் நெஞ்சோடு அமுக்கிப் பிடிப்பது. தலை வழியாகப் போட்டுக்கொள்ளும், கப் பிரிவு இல்லாத சாதாரண மாடல்கள் எல்லாம் இந்த வகைதான். இன்னொன்று, ஒவ்வொரு மார்பையும் தனித்தனிக் கப்பில் ஏந்திப் பிடிப்பது. இதில் நடுவில் பிரிவு இருக்கும், பெரும்பாலும் பின்னால் கொக்கி இருக்கும். இரண்டையும் சேர்த்து, உள்ளே தனிக் கப்பும் வெளியே அமுக்கும் துணியுமாகத் தைத்த மூன்றாம் வகையும் உண்டு.

அமுக்கும் வகைதான் ஸ்போர்ட்ஸ் பிராவின் ஆதி வடிவம். 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்ற ஓட்டக்காரரும், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற நாடக ஆடை வடிவமைப்பாளர்களும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டை வாங்கிச் சேர்த்துத் தைத்ததுதான் முதல் மாதிரி. ஜாக்ஸ்ட்ராப்பை ஒட்டித் தொடங்கிய பெயர், பிறகு ஓட்டத்தைக் குறிக்கும் ஜாகிங் என்ற சொல்லுக்கு ஏற்ப ஜாக்பிரா என்று மாறியது. 1979-இல் காப்புரிமை கிடைத்தது.

சிறிய மார்புக்கு, அதாவது ஏ, பி கப் அளவுக்கு, அமுக்கும் வகை ஓட்டத்துக்கே போதும். சி கப்பிலிருந்து மேலே போகப்போக அது தடுமாறத் தொடங்கும். இரு மார்புகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே திரளாக அசையும். நடுவில் தோலும் தோலும் உரசி வியர்வை தேங்கும். மேலே கழுத்து வழியாகவோ அக்குள் வழியாகவோ சதை பிதுங்கும். இவர்களுக்கு ஏந்தும் வகையோ, இரண்டும் சேர்ந்த வகையோதான் சரி.

லேபிளில் எழுதியிருக்கும் லோ, மீடியம், ஹை என்ற தாங்கு நிலைகளை இந்த இடத்தில்தான் புரிந்துகொள்ள வேண்டும். யோகாவுக்கும் நடைக்கும் லோ, சைக்கிளுக்கும் ஜிம்முக்கும் மீடியம், ஓட்டம், ஸ்கிப்பிங், பேட்மின்டனுக்கு ஹை என்பது பொது வழக்கம். ஆனால் அந்தந்த கம்பெனி தன் கணக்குப்படி போட்டுக்கொள்ளும் பெயர்கள் இவை. ஒரு கம்பெனியின் ஹை, இன்னொன்றின் மீடியமாக இருக்கலாம். ஒரே மாடலை ஸ்மாலிலிருந்து டபுள் எக்ஸ்எல் வரை அதே துணியில் அதே அமைப்பில் தைத்திருந்தால், ஸ்மால் அணிபவருக்கு அது ஹை, டபுள் எக்ஸ்எல் அணிபவருக்கு மீடியம்கூட இல்லை. லேபிளை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு அமைப்பைப் பாருங்கள். அடிப்பட்டி இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, கப் பிரிந்திருக்கிறதா, பின்னால் இறுக்கத்தை மாற்றக் கொக்கி வரிசைகள் இருக்கின்றனவா என்பவைதான் உண்மையான தாங்கு நிலையைச் சொல்லும்.

ஓர் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

சாதாரண தையல் டேப் ஒன்று போதும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, மார்புக்கு நேர் கீழே டேப்பைச் சற்று இறுக்கமாகச் சுற்றி அளக்க வேண்டும். பிறகு பேடு இல்லாத மெல்லிய பிராவோடு, மார்பின் மிக எடுப்பான பகுதியில் டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். இரண்டு முறையும் டேப் முதுகில் கீழே சரியாமல் நேராக இருக்கட்டும்.

ஒருவருக்கு முதல் அளவு 31 அங்குலம், இரண்டாவது 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பட்டி எண்கள் இரட்டைப்படையில் வருவதால் 31-க்கு அடுத்த 32-ஐ எடுத்துக்கொள்கிறோம். 36-இலிருந்து 32-ஐக் கழித்தால் 4. ஓர் அங்குல வித்தியாசம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. ஆக இவருடைய அளவு 32டி.

ஆனால் இவர் இத்தனை நாள் அணிந்துவந்தது 36பி. அது எப்படி? அடி அளவோடு நான்கோ ஐந்தோ அங்குலம் கூட்டி அடிப்பட்டி எண்ணைக் கண்டுபிடிக்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது. இன்றும் பல அளவு அட்டைகளில் அது உண்டு. 31-உடன் 5 கூட்டினால் 36. மார்பின் அளவும் 36 என்பதால் அந்தக் கணக்கில் இவருக்கு மிகச் சிறிய கப்தான் வரவேண்டும். அது இறுக்கியதால், கடையில் 36-லேயே கொஞ்சம் பெரிய கப்பாக பி கொடுத்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்தால் கப் சரியாக இருக்கிறது!

இருக்கத்தான் செய்யும். பிரா அளவில் கப்பின் எழுத்து தனியாக எந்தக் கொள்ளளவையும் குறிப்பதில்லை, அடிப்பட்டி எண்ணோடு சேர்ந்துதான் குறிக்கும். அடிப்பட்டியில் ஒரு படி இறங்கினால் கப்பில் ஓர் எழுத்து ஏறவேண்டும். 36பி, 34சி, 32டி மூன்றின் கப்பும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு. கப் பொருந்திவிட்டதால் அளவு சரி என்று இவர் நம்பிவிட்டார். ஆனால் அடிப்பட்டி அவருக்கு வேண்டியதைவிட நான்கு அங்குலம் பெரிது. அலுவலகத்துக்குப் போய்வர இது பெரிதாகத் தெரியாது. ஓடத் தொடங்கியதும்தான் தெரியும்.

டி என்ற எழுத்தைக் கேட்டதும், "அவ்வளவு பெரிசா எனக்கு?" என்று திகைக்க வேண்டாம். 32டி அணிபவர் ஒல்லியான உடம்புக்காரராகவே இருக்கலாம். டி-க்கு மேலே டிடி, இ என்று கம்பெனிக்குக் கம்பெனி எழுத்துகள் மாறும். அப்போது அவரவர் அட்டையில் அங்குலக் கணக்கைப் பார்த்துக்கொள்வதே நல்லது.

இவரே ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மட்டும் அளவு போட்ட பிரா வாங்கப்போனால் என்ன ஆகும்? அந்த அட்டைகள் பலவும் மார்பின் சுற்றளவை மட்டும் வைத்து அளவு சொல்பவை. 31, 36 அளவுள்ளவரும் 34, 36 அளவுள்ளவரும் அதில் ஒரே பெட்டிக்குள் வந்துவிடுவார்கள். இரண்டாமவருக்கு அது சரியாக இருக்கலாம். முதலாமவருக்கு அடியில் தொளதொளக்கும், மேலே பிதுங்கும். அடி அளவுக்கும் மார்பளவுக்கும் வித்தியாசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இருந்தால், எண்ணும் எழுத்தும் சேர்ந்த அளவில் வரும் ஸ்போர்ட்ஸ் பிராவையே தேடுங்கள்.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கு மார்பு சற்றுப் பெருத்து, தொட்டாலே வலிக்கும். அந்த நாட்களில் மட்டும் பிரா இறுக்கினால் அளவைத் தவறு என்று எண்ண வேண்டாம். கொக்கி வரிசைகள் உள்ள பிராவில் ஒரு வரிசை தள்ளிப் போட்டுக்கொண்டால் போதும். கர்ப்பகாலத்திலும் பாலூட்டும் காலத்திலும், உடம்பு எடை ஏறி இறங்கும்போதும் புதிதாக அளந்தே ஆகவேண்டும்.

முதுகுப் பக்கத்தின் மூன்று வடிவங்கள்

அடிப்பட்டியும் கப்பும் சரியான பிறகுதான் தோள்பட்டி. முன்னால் எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தாலும், முதுகுப் பக்கம் மூன்று வடிவங்கள் உண்டு.

முதலாவது, இரண்டு பட்டிகளும் தோளிலிருந்து நேராக இறங்கும் வடிவம். சாதாரண பிராவில் பார்த்துப் பழகியது. இரண்டாவது, பட்டிகள் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் ஒன்றாகச் சேரும் ரேசர்பேக். மூன்றாவது, பட்டிகள் முதுகில் பெருக்கல் குறிபோல் குறுக்கே போகும் வடிவம்.

ரேசர்பேக்கும் குறுக்குப் பட்டியும் தோளிலிருந்து நழுவாது. கையை வீசி ஓட வசதி. தோள் சரிவாக இருக்கும் பெண்களுக்கு இவைதான் நிம்மதி. ஆனால் இவற்றில் பட்டி கழுத்துக்கு நெருக்கமாக ஏறுகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசையின் மேல் பாரம் விழுகிறது. மார்பு சிறிதாக இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. கனமான மார்பு உள்ளவர்கள் ஒரு மணி நேரம் ஓடினால் கழுத்துப் பிடிப்பும் தலைவலியும் வரலாம். அவர்களுக்கு நேராக இறங்கும் அகலப் பட்டி நல்லது. பெரிய மார்புள்ள பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வும் இதையே பரிந்துரைத்தது: அகலமான பட்டி, நேரான அமைப்பு. அங்கே ஒப்பிடப்பட்டவற்றில் அகலப் பட்டி என்பது 4.5 சென்டிமீட்டர், சாதாரணப் பட்டி 2.5 சென்டிமீட்டர். நேர் பட்டி நழுவும் என்று பயப்படுபவர்கள், தேவைப்படும்போது நடுவில் கொக்கியால் இணைத்துக்கொள்ளும் மாடலை வாங்கலாம். ஒரே பிராவில் இரண்டு வடிவமும் கிடைக்கும்.

வடிவத்தைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது பட்டியின் நீட்சி. தோள்பட்டி ரப்பர்போல் நீண்டால், ஒவ்வோர் அடிக்கும் அதுவே ஊஞ்சலாடும். ஓட்டத்துக்கான பட்டி இழுத்தால் கொஞ்சமே நீளவேண்டும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம் இருப்பதும் அவசியம். ஏனென்றால் தோளுக்கும் மார்புக்கும் உள்ள உயரம் எல்லாருக்கும் ஒன்று இல்லை. அந்த வளையம் காறை எலும்பின் மேல் உட்கார்ந்தால் உரசிப் புண்ணாக்கும். போட்டுப் பார்க்கும்போதே அது எங்கே படுகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். சரியாக வைத்த பட்டியைத் தோளிலிருந்து இரண்டு விரல் அளவு தூக்க முடியவேண்டும்.

போடுவதும் கழற்றுவதும் ஒரு விஷயம். கொக்கி இல்லாத இறுக்கமான ரேசர்பேக்கை வியர்வையில் நனைந்த உடம்பிலிருந்து தலை வழியாக உருவுவது லேசான காரியம் இல்லை. தோள் வலி உள்ளவர்களும் வயதானவர்களும் முன்பக்க ஜிப் அல்லது பின்பக்கக் கொக்கி உள்ளதை வாங்கலாம். ஜிப் என்றால், அது தானாக இறங்காமல் மேலே பூட்டும் கொக்கியும், தோலில் படாமல் உள்ளே ஒரு துணி மடிப்பும் இருக்கவேண்டும்.

துணி: நம்ம ஊர் வியர்வைக்கு எது?

உள்ளாடை என்றால் பருத்திதான் என்று நாம் வளர்ந்திருக்கிறோம். வீட்டில் அணிய அது சரி. ஓட்டத்துக்குப் பருத்தி சரிவராது. பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் அதில் இருக்கும். நைலானில் இது சுமார் 4 சதவீதம், பாலியஸ்டரில் அரை சதவீதம்கூட இல்லை. வியர்வையில் நனைந்த பருத்தி கனக்கும், நீண்டு தொங்கும், தோலோடு ஒட்டி உரசும். அரை மணி நேரத்தில் பிராவின் தாங்கும் திறன் போய்விடும்.

அதனால்தான் ஸ்போர்ட்ஸ் பிராக்கள் பாலியஸ்டர் அல்லது நைலானுடன் ஸ்பாண்டெக்ஸ் கலந்த துணியில் வருகின்றன. ஸ்பாண்டெக்ஸ்தான் நீண்டு மீளும் இழை. லைக்ரா என்பது அதன் ஒரு வணிகப் பெயர். நைலான் தொடுவதற்கு மென்மை, தேய்மானமும் குறைவு. பாலியஸ்டர் வேகமாகக் காயும், ஆனால் வியர்வை நாற்றம் அதில் எளிதில் தங்கிவிடும்.

இவை வியர்வையைத் துணியின் வெளிப்பக்கம் பரப்பி ஆவியாக்கும் என்பது விளம்பரம். அது உண்மைதான், ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது மந்தமாகிவிடும். சென்னைக் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு ஓடுபவருக்கு எந்தத் துணியும் முழுக்க உலர்ந்திருக்காது. அங்கே உதவுவது காற்று புகும் அமைப்பு. முதுகிலும் இரு மார்புகளுக்கு நடுவிலும் வலைத்துணி வைத்த மாடலைத் தேடுங்கள். தடித்த ஸ்பாஞ்ச் பேடு வைத்ததைத் தவிர்த்துவிடுங்கள். பேடு மார்பைத் தாங்குவதில்லை. அது தோற்றத்துக்கு வைத்தது. வியர்வையைக் குடித்துக் கனப்பதுதான் மிச்சம். கூச்சத்துக்காகப் பேடு வேண்டும் என்பவர்கள், கழற்றித் துவைக்கக்கூடிய மெல்லிய பேடு உள்ளதை எடுக்கலாம்.

கடையில் துணியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கப் பகுதியை இரு கைகளால் பிடித்து முதலில் பக்கவாட்டில் இழுங்கள், பிறகு மேலும் கீழும் இழுங்கள். பக்கவாட்டில் நீளலாம். போட்டுக் கழற்ற அது தேவை. மேல் கீழாக அதே அளவு நீண்டால் ஓட்டத்தில் அந்தத் துணி மார்போடு சேர்ந்து தானும் ஆடும். இரண்டு அடுக்கு வைத்துத் தைத்ததும், உள்ளே நீளாத மெல்லிய வலைத்துணி வைத்ததும் இந்தச் சோதனையில் நிற்கும்.

பிறகு உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மடித்துத் தடித்த தையலும், கழுத்தில் குத்தும் லேபிளும், மூடப்படாத கொக்கியும் பத்து கிலோமீட்டரில் புண்ணாக்கிவிடும். தையல் துணியோடு படிந்து தட்டையாக இருக்கவேண்டும். அதிகம் உரசும் இடங்கள் மூன்று: அடிப்பட்டியின் நடுப்பகுதி, அக்குள் ஓரம், தோள்பட்டியின் கழுத்துப் பக்க விளிம்பு. நீண்ட ஓட்டத்துக்கு முன் இந்த இடங்களில் கொஞ்சம் வாசலைன் தடவிக்கொள்வது ஓட்டக்காரர்களின் வழக்கம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் புண் வந்தால், குறை அளவில் இருக்கிறது. அசையும் பட்டிதான் உரசும்.

ஓடி முடித்ததும் ஈர பிராவோடு அரட்டை, டீ, வீட்டு வேலை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மார்புக்குக் கீழ் மடிப்பில் ஈரம் தேங்கினால் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரும். நம் வெயிலிலும் புழுக்கத்திலும் இது சர்வசாதாரணம்.

டிரயல் ரூமில் ஒரு நிமிடம்

கடையில் போட்டுப் பார்க்கும்போது நின்றபடி கண்ணாடி பார்த்தால் போதாது. கொக்கி உள்ளதென்றால் முதலில் மிகத் தளர்ந்த வரிசையில் மாட்டுங்கள். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளரும். அப்போது உள் வரிசைகளுக்கு மாறிக்கொள்ளலாம். புதிதிலேயே கடைசி வரிசைக்குப் போகவேண்டியிருந்தால் அந்த அடிப்பட்டி உங்களுக்குப் பெரிது.

பிறகு நின்ற இடத்திலேயே அரை நிமிடம் ஓடுங்கள், பத்து முறை குதியுங்கள். மார்பு உடம்போடு சேர்ந்து எழுந்து இறங்கினால் நல்லது. உடம்பு நின்ற பிறகும் அது தனியாக ஆடினால் அந்தப் பிரா போதாது. அசைவு அடியோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எந்தப் பிராவாலும் அது முடியாது. கைகளைத் தூக்கி, குனிந்து, நிமிர்ந்து பார்த்து, மேல் விளிம்பில் சதை பிதுங்குகிறதா என்று கவனியுங்கள். பிதுங்கினால் கப் சிறிது. துணியில் சுருக்கம் விழுந்தால் கப் பெரிது. அடிப்பட்டியை மாற்றாமல் கப்பின் எழுத்தை மட்டும் ஒன்று கூட்டியோ குறைத்தோ கேளுங்கள். அடிப்பட்டியில் ஒரு படி மாற்றினால் கப்பிலும் எதிர்த்திசையில் ஓர் எழுத்து மாற்றவேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுகாதாரக் காரணம் சொல்லி உள்ளாடையைத் திரும்ப எடுக்காத கடைகள் பல. எடுக்கும் கடையென்றால், லேபிளைக் கிழிக்காமல் வீட்டுக்குள்ளேயே இந்தச் சோதனைகளைச் செய்துவிடலாம்.

எப்போது மாற்றுவது?

ஸ்பாண்டெக்ஸுக்குச் சூடும் பிளீச்சும் ஆகாது. கொதிநீரில் ஊறவைப்பது, பிளீச் போடுவது, முறுக்கிப் பிழிவது, உச்சி வெயிலில் காயப்போடுவது எல்லாம் அதன் ஆயுளைக் குறைக்கும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் இழைகளின் மேல் படிந்து, வியர்வையைப் பரப்பும் குணத்தைக் கெடுக்கும். குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, நிழலில் காயவைத்தல். ஈரமாக இருக்கும்போது தோள்பட்டியில் தொங்கவிடாமல் கொடியில் நடுவாக மடித்துப் போடுங்கள். தினமும் ஓடுபவர் என்றால் இரண்டு பிரா வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியலாம்.

இத்தனை மாதம் என்று ஆயுளைச் சொல்லமுடியாது. வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறீர்கள், எப்படித் துவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. அடையாளங்களைப் பாருங்கள். கடைசிக் கொக்கி வரிசையிலும் அடிப்பட்டி முதுகில் ஏறுகிறதா? கைகளைத் தூக்கினால் அடிப்பட்டியும் கூடவே வருகிறதா? இழுத்துவிட்டால் எலாஸ்டிக் பழைய நிலைக்கு வராமல் அலையலையாக நிற்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்துக்கு அந்தப் பிரா முடிந்துவிட்டது. நடைக்கும் வீட்டுக்கும் இன்னும் சில காலம் வைத்துக்கொள்ளலாம்.

சரியான அளவில் சரியான பிரா போட்ட பிறகும் ஒரு பக்க மார்பில் மட்டும் ஓரிடத்தில் வலி தொடர்ந்தாலோ, கட்டி தென்பட்டாலோ, காம்பில் கசிவு இருந்தாலோ, பிராவை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மற்ற எல்லாருக்கும் அடுத்த முறை கடைக்குப் போகும் முன் செய்யவேண்டியது ஒன்றுதான்: வீட்டில் டேப்பை எடுத்து அந்த இரண்டு அளவுகளையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "மீடியம் எடுத்துக்கோங்க அக்கா" என்று சொன்னால், அதற்கு அடி எத்தனை அங்குலம் என்று கேளுங்கள்.